கூரை வேர்த்த நவம்பர்: ராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு குளிர்தளக் கட்டடம்

## பின்னணி

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடைப்பட்ட கடலோரத்தில், கடலிலிருந்து அரை கிலோமீட்டர் தூரத்தில் ஒரு பயிற்சிக்கூடம் இருக்கிறது. தரைத்தளம் மட்டும்தான். இரண்டு வகுப்பறைகள், ஓர் அலுவலக அறை, நடுவில் ஒரு நடை. குளிரூட்ட வேண்டிய பரப்பு 240 சதுர மீட்டர், உயரம் 3.3 மீட்டர். ஒரே சமயத்தில் 60 பேர் வரை உட்காரலாம்.

இதே வளாகத்தின் பழைய கட்டடத்தில் ஸ்ப்ளிட் ஏசிகள் ஓடின. உப்புக்காற்றில் வெளி யூனிட்டுகளின் அலுமினியத் தகடுகள் பொடிந்து உதிர, மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டிருந்தார்கள். புதுக் கட்டடத்தில் வெளியே நிற்கும் இயந்திரம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், வகுப்பறைக்குள் சத்தம் இருக்கக் கூடாது என்று உரிமையாளர் கேட்டார். அதனால் கூரைத்தளத்துக்குள்ளேயே குளிர்நீர்க் குழாய் பதித்து, சீலிங்கைக் குளிரவைக்கும் குளிர்தள முறை தேர்வானது.

இந்த முறை அறையின் சூட்டை மட்டுமே எடுக்கும். நீராவியை எடுக்காது, எடுக்கவும் விடக் கூடாது. சாதாரண ஏசியில் குளிர்ந்த குழாய்ச் சுருளான காயிலின் மேல் படியும் தண்ணீர் தட்டில் விழுந்து குழாய் வழியே வெளியேறிவிடும். குளிர்தளத்தில் தண்ணீர் படிந்தால் அது மேசை மேல்தான் சொட்டும். ஆகவே ஈரத்தை எடுக்கும் வேலை முழுக்க, வெளிக்காற்றை உலர்த்தி உள்ளே அனுப்பும் தனி இயந்திரத்தின் பொறுப்பு. 2006-இல் திறந்த பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்தில் தரைக்குள் குளிர்நீர் ஓடுகிறது. ஈரமான ஊரில் முடியாத காரியம் அல்ல இது. ஆனால் ராமநாதபுரம் கடலோரத்தில் பிசகுக்கு இடம் மிகக் குறைவு. இங்கே 32 டிகிரியும் 68 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு சாதாரண பிற்பகலில், ஒரு கிலோ காற்றில் 20 கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். அந்தக் காற்றின் பனிநிலை 25 டிகிரியைத் தாண்டும். அதாவது 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பின் மேல் அது பட்டாலும் வேர்க்கும்.

## வடிவமைப்பில் போட்ட கணக்கு

கூரைத்தளம் 150 மில்லிமீட்டர் கான்கிரீட். அடிக் கம்பிவலைக்கு மேல் 20 மில்லிமீட்டர் பெக்ஸ் பிளாஸ்டிக் குழாயை 150 மில்லிமீட்டர் இடைவெளியில் கட்டினார்கள். குழாய் பதித்த பரப்பு 200 சதுர மீட்டர். ஒவ்வொன்றும் 83 மீட்டர் நீளமுள்ள 16 சுற்றுகள், நீரைப் பிரித்துக் கொடுத்துத் திரும்பச் சேர்க்கும் ஒரே மேனிஃபோல்டுக்கு வந்து சேர்ந்தன. கான்கிரீட் போடும்போது குழாயில் 6 பார் அழுத்தத்தை நிறுத்தி, கேஜைப் பார்த்துக்கொண்டே போட்டார்கள். கம்பி குத்தி ஓட்டை விழுந்தால் அப்போதே தெரிய வேண்டும் என்பதற்காக இது. தளத்தின் மேல் வெயில் சூட்டைத் தடுக்கும் 100 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் நுரைப் பலகை, அதற்கு மேல் வெள்ளை ஓடு. இந்த வேலையில் கடைசி வரை ஒரு குறையும் வரவில்லை.

குழாய்க்குள் 16 டிகிரித் தண்ணீர் போய் 19 டிகிரியில் திரும்பும். சீலிங் சராசரியாக 21 டிகிரியில் நிற்கும். அறை 26 டிகிரியில் இருந்தால் சீலிங்கின் ஒவ்வொரு சதுர மீட்டரும் 53 வாட் சூட்டை வாங்கிக்கொள்ளும். மொத்தம் பத்தரைக் கிலோவாட், அதாவது மூன்று டன். அறைப் பனிநிலையை 16 டிகிரியில் வைப்பது இலக்கு.

வெளிக்காற்று இயந்திரம் மணிக்கு 1,500 கன மீட்டர் காற்றை 12 டிகிரிப் பனிநிலைக்கு உலர்த்தி அனுப்பும். அறையிலிருந்து அதே 1,500 கன மீட்டரை இழுத்து, சுழலும் வீல் ஒன்றின் வழியே கடத்தி, அதன் குளிர்ச்சியையும் வறட்சியையும் உள்ளே வரும் காற்றுக்குக் கொடுத்துவிட்டு வெளியேற்றும். 60 பேருக்கு மூச்சுவிட எவ்வளவு காற்று வேண்டும் என்று பார்த்தால் ஆயிரத்துச் சொச்சம் கன மீட்டர் போதும். 1,500 தாராளம் என்றே தோன்றியது.

காற்று உலர்ந்திருக்க எவ்வளவு வேண்டும் என்பது வேறு கணக்கு. உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 80 கிராம் நீராவி விடுவார். 60 பேருக்கு 4.8 கிலோ. உள்ளே வரும் காற்றில் கிலோவுக்கு 8.7 கிராம் நீராவி, அறையில் இருக்கலாம் என்று வைத்த அளவு 11.4 கிராம். ஒவ்வொரு கிலோ காற்றும் 2.7 கிராமைத்தான் சுமந்து வெளியேற முடியும். 1,500 கன மீட்டர் என்பது ஏறக்குறைய 1,750 கிலோ. ஆக, மணிக்கு 4.7 கிலோ ஈரத்தை இயந்திரம் எடுக்கும். உட்கார்ந்திருப்பவர்களின் மூச்சுக்கும் வேர்வைக்குமே அது சரியாகப் போய்விடுகிறது. கதவு வழியாகவோ இடுக்கு வழியாகவோ ஒரு துளி வெளிக்காற்று வந்தாலும் அதைச் சுமக்க மிச்சம் இல்லை. இந்தக் கணக்கு வடிவமைப்புத் தாள்களில் எங்கேயும் இல்லை. பிறகுதான் போடப்பட்டது.

## முதல் ஆறு மாதம்

கட்டடம் ஏப்ரலில் திறந்தது. செப்டம்பர் வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. வகுப்பறைகள் 26 டிகிரியில் நின்றன. மின்விசிறி மெதுவாகச் சுற்றினாலே போதுமாக இருந்தது. சத்தம் இல்லாததைப் பயிற்றுநர்கள் எல்லோரும் குறிப்பிட்டார்கள்.

அந்த மாதங்களில் வகுப்புக்கு வந்தவர்கள் 25 முதல் 30 பேர். கச்சான் காற்று நிலத்தின் மேல் வந்ததால் பிற்பகலில் ஓரளவு உலர்ந்திருந்தது. குறை இருந்தும் வெளியே தெரியாமல் கிடந்ததற்கு இவை இரண்டும்தான் காரணம். அக்டோபர் மத்தியில், மேனிஃபோல்டு பெட்டிக்குள் பித்தளை வால்வுகளின் கீழே தண்ணீர் தேங்கியிருந்ததைப் பராமரிப்பாளர் பார்த்து, துணியால் துடைத்திருக்கிறார். வால்வு சுற்றிக் கசிகிறது என்று நினைத்து நட்டை இறுக்கிவிட்டுப் போய்விட்டார். அதுதான் முதல் அறிகுறி. கட்டடத்திலேயே மிகக் குளிர்ந்த பரப்பு அந்த வால்வுகள்தான், அவைதான் முதலில் வேர்க்கும்.

## நவம்பரில் நடந்தது

நவம்பர் இரண்டாம் வாரம் 58 பேர் கொண்ட பயிற்சி தொடங்கியது. வாடைக்காற்று நேராக வடகிழக்கு வாசலில் அடித்துக்கொண்டிருந்தது. வெளியே 28 டிகிரிதான், ஆனால் மழைக்கு முந்தைய கனத்த ஈரம்.

மூன்றாம் நாள் காலை 11 மணிக்கு மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. விளக்கு, மின்விசிறி, கணினிகளோடு குளிர்தளப் பம்பும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் ஜெனரேட்டர் இணைப்பில் இருந்தன. தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லரும் வெளிக்காற்று இயந்திரமும் பெரிய சுமை என்பதால் அதில் சேர்க்கப்படவில்லை. காற்று வரவில்லை என்று பத்து நிமிடத்தில் யாரோ வாசல் கதவின் இரண்டு பாதியையும் திறந்து கல் வைத்துவிட்டார்கள்.

50 நிமிடம் கழித்து மின்சாரம் வந்தபோது, வாசலை ஒட்டிய வகுப்பறையில் முன்வரிசை நோட்டுகள் நனைந்திருந்தன. சீலிங்கில் ஈரம் திட்டுத்திட்டாக இல்லை. கோடு கோடாக, இரு கோடுகளுக்கு நடுவே ஒரு சாண் கூட இல்லாத இடைவெளியில், ஓரத்தில் வளைந்து திரும்பி, மறுபடி நேராக ஓடியது. கோடுகளின் மேல் பயறளவு துளிகள் வரிசையாகத் தொங்கின.

## ஒழுகலா, வேர்வையா

முதலில் அழைக்கப்பட்ட கொத்தனார் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, ஓட்டைப் பெயர்த்து மறுபடி தளம் போட வேண்டும் என்றார். மழைக்காலம், கூரையில் ஈரம் என்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். வாசலில் இருந்த வயதான காவலாளிதான் தள மேற்பார்வையாளரிடம், "ஒழுகல் இல்ல தம்பி. சொம்புல ஐஸ் தண்ணி ஊத்தி வச்சா வேர்க்குமே, அந்த மாதிரி சீலிங் வேர்த்திருக்கு" என்றார். அவர் சொன்னதே சரி. ஆனால் ஓட்டைப் பெயர்ப்பதா வேண்டாமா என்ற முடிவுக்கு ஆதாரம் வேண்டும்.

மூன்று சோதனைகள் செய்யப்பட்டன. மேனிஃபோல்டு அழுத்தமானி 1.8 பாரில் இரண்டு நாளும் அசையவில்லை, அதனால் குழாய்க் கசிவு இல்லை. மொட்டை மாடியில் பாத்தி கட்டி 24 மணி நேரம் தண்ணீர் நிறுத்தியதில் கீழே புதிய ஈரம் வரவில்லை. மூன்றாவது சோதனைதான் எல்லோரும் எளிதில் செய்யக்கூடியது. ஓரடிக்கு ஓரடி அலுமினியத் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சீலிங்கில் பதித்து, மறுபடி குளிர்நீரை ஓட்டினார்கள். தாளின் பின்பக்கம், அதாவது கான்கிரீட்டை ஒட்டிய பக்கம், ஈரமானால் தண்ணீர் மேலேயிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் ஈரமானால் காற்றிலிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம்தான் மூன்று மணி நேரத்தில் மங்கி, பிறகு துளி கட்டியது.

குழாய் போன வழியே கோடு விழுவதும் வேர்வைக்கே உரிய அடையாளம். குழாய்க்கு நேர் கீழே கான்கிரீட் ஒரு டிகிரி அளவுக்குக் கூடுதலாகக் குளிர்ந்திருக்கும். பனிநிலையை அது முதலில் தொடும்.

## காரணம் தேடியது

மின்தடை மட்டும் காரணமா, முன்பிருந்தே விளிம்பில்தான் ஓடிக்கொண்டிருந்ததா என்று பார்க்க வேண்டியிருந்தது. மின்சாரம் உள்ள ஒரு சாதாரண நாளில், 60 பேர் உட்கார்ந்திருக்கும்போது, கையில் பிடிக்கும் மானியால் அறையெங்கும் அளந்தார்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி காட்டிய பனிநிலை 15.5 டிகிரி. வகுப்பறை நடுவே 18.4. வாசல் ஓரம் 19.8. பெட்டிக்குக் கணக்குச் சொன்ன ஒரே சென்சார், உலர்காற்று வந்து விழும் கிரில்லுக்கு அருகே சுவரில் இருந்தது. இயந்திரம் தான் அனுப்பிய காற்றைத் தானே முகர்ந்து, எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அதே நேரத்தில் குளிர்நீர் நுழையும் முதல் வளைவின் கீழே சீலிங் 19.5 டிகிரியில் இருந்தது. ஆக, மின்தடை வராத நாளிலேயே வாசல் ஓரத்தில் சீலிங் பனிநிலைக்குக் கீழே இருந்திருக்கிறது.

நடுவறையில் 18.4 எப்படி வந்தது? நடைக் கதவின் கீழ் இடுக்கில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்தார்கள். புகை நேராக உள்ளே பாய்ந்தது. வாசல் கதவை விரலளவு திறந்து பிடித்தபோதும் உள்ளேதான். கட்டடம் வெளிக்காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. காரணம் எளிது. வெளிக்காற்று இயந்திரம் 1,500 உள்ளே அனுப்பி 1,500 வெளியே இழுக்கிறது. அதற்கு மேல் கழிவறை எக்ஸாஸ்ட் மின்விசிறிகள் 400 கன மீட்டரை வெளியே தள்ளுகின்றன. அந்த 400 எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். கதவிடுக்கு, ஜன்னல் சட்டம், வயர் போன ஓட்டை என்று எல்லா வழியிலும் கடல்காற்றாக உள்ளே வந்தது.

இதைக் கணக்கில் சேர்த்தால் எல்லாம் பொருந்துகிறது. 400 கன மீட்டர் என்பது 460 கிலோ காற்று. ஒவ்வொரு கிலோவும் அறை அளவைவிட ஒன்பது கிராம் கூடுதலாகக் கொண்டுவருகிறது. மணிக்கு நான்கு கிலோ தண்ணீர், அதாவது கூடுதலாக 50 பேர் உட்கார்ந்த மாதிரி. மொத்தச் சுமையைப் போட்டுப் பார்த்தால் அறை 13.3 கிராமில் நிற்க வேண்டும். அதன் பனிநிலை 18.4 டிகிரி, நடுவறையில் அளந்த அதே எண். 28 பேர் இருந்த கோடை மாதங்களில் இது 17 டிகிரியாக இருந்திருக்கும். அதனால்தான் அப்போது தப்பியது.

மின்தடையின்போது நடந்தது தனி. அதைப் புரிந்துகொள்ளக் காற்றின் வேகத்தையும் கான்கிரீட்டின் வேகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கதவை விரியத் திறந்தால் பத்து, பதினைந்து நிமிடத்தில் அறைக் காற்றின் பனிநிலை 23 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். கான்கிரீட் அப்படி இல்லை. 150 மில்லிமீட்டர் தளத்தில் ஒரு சதுர மீட்டர் ஒரு டிகிரி ஏற 90 வாட்-மணிச் சூடு வேண்டும். தண்ணீரை அறவே நிறுத்தினாலும், 20.5 டிகிரியில் இருக்கும் தளம் 23.5 டிகிரியைத் தொட நான்கு மணி நேரம் ஆகும். வால்வை மூடி வேர்வையை நிறுத்தலாம் என்ற நம்பிக்கை குளிர்தளத்தில் செல்லாது. அந்த நான்கு மணி நேரமும் அது வேர்த்துக்கொண்டுதான் இருக்கும். ஒரு சதுர மீட்டரில் மணிக்குச் சுமார் 60 கிராம் என்றால், 200 சதுர மீட்டருக்கும் சேர்த்து 12 லிட்டர், ஒரு வாளித் தண்ணீர்.

இங்கே தண்ணீரும் நிற்கவில்லை. சில்லர் நின்றாலும் 1,000 லிட்டர் சேமிப்புத் தொட்டியில் 7 டிகிரி நீர் நிறைந்திருந்தது. ஜெனரேட்டரில் ஓடிய பம்ப், மிக்ஸிங் வால்வு வழியே அதை 16 டிகிரியாகக் கலந்து தளத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்தத் தொட்டியில் இருந்த குளிர்ச்சி ஒரு மணி நேரத்துக்கு மேல் போதும். உலர்த்தும் இயந்திரம் நின்றுவிட, குளிர்விக்கும் பம்ப் மட்டும் ஓடியது. ஜெனரேட்டர் பட்டியல் எழுதியவர் பம்பைச் சின்னச் சுமை என்று பார்த்துச் சேர்த்திருந்தார். வயரிங் வரைபடத்தில் அது ஒரு வரி மட்டுமே.

## எடுத்த முடிவுகள்

தளத்தைக் கைவிட்டு ஸ்ப்ளிட் ஏசி போடும் யோசனையும் பேசப்பட்டது. குழாயும் தளமும் நன்றாக இருக்கும்போது குறை காற்றில்தான் இருக்கிறது என்பதால் அது விடப்பட்டது. வேலைகள் ஒரு வரிசையில் நடந்தன, அந்த வரிசைக்குக் காரணம் உண்டு.

முதலில் செலவில்லாத வேலை. வீல் வழியே இழுக்கும் காற்றை டக்டுக்குள் இருக்கும் தடுப்புத் தகடான டேம்பரால் 1,000 கன மீட்டராகக் குறைத்து, உள்ளே அனுப்புவதை மின்விசிறி வேகத்தைக் கூட்டி 1,800 ஆக்கினார்கள். கழிவறை 400 போக, 400 கன மீட்டர் மிச்சம். அது இடுக்குகள் வழியே உள்ளிருந்து வெளியே போகும். மறுபடி ஊதுபத்தி பிடித்தபோது புகை வெளியே சாய்ந்தது. இழுக்கும் காற்றைக் குறைத்ததால் வீல் மீட்டுத்தரும் குளிர்ச்சி குறையும், சில்லர் கூடுதலாக உழைக்கும். அந்த இழப்பைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள்.

இரண்டாவது, காற்றை இன்னும் ஆழமாக உலர்த்துவது. இன்னும் அதிகக் காற்று அனுப்பலாம்தான், ஆனால் டக்டுகளைப் பெரிதாக்க இடம் இல்லை. நான்கு வரிசைக் காயிலை எடுத்துவிட்டு, எபாக்சி பூசிய எட்டு வரிசைக் காயில் போட்டு, காற்றின் பனிநிலையை 12-இலிருந்து 10 டிகிரிக்கு இறக்கினார்கள். இரண்டே டிகிரி. ஆனால் ஒவ்வொரு கிலோ காற்றும் சுமக்கக்கூடிய ஈரம் 2.7 கிராமிலிருந்து 3.8 கிராமாகிறது. மொத்தத்தில் இயந்திரம் எடுக்கக்கூடிய ஈரம் மணிக்கு 7.9 கிலோ. 60 பேருக்குப் போக மூன்று கிலோ மிச்சம். கதவு திறந்து மூடுவதால் மணிக்கு 300 கன மீட்டர் கடல்காற்று வந்தாலும் சமாளிக்கும்.

10 டிகிரிக் காற்றை அப்படியே அறையில் விட்டால் கிரில் வேர்க்கும், கீழே இருப்பவருக்கு நடுக்கும். நடுங்கினால் யாராவது இயந்திரத்தை நிறுத்துவார்கள். நிறுத்தினால் சீலிங் வேர்க்கும். அதனால் காயிலுக்கு முன்னும் பின்னுமாகச் சுற்றி வரும் ஹீட் பைப் ஒன்று சேர்க்கப்பட்டது. உள்ளே வரும் சூடான காற்றிலிருந்து சூட்டை எடுத்து, காயிலைத் தாண்டிய குளிர்காற்றுக்குக் கொடுத்து 16 டிகிரியாக்கும். இதற்கு மின்சாரம் வேண்டாம், காயில் சுமையும் மூன்றரைக் கிலோவாட் குறையும்.

எல்லாம் சேர்ந்தபின் காற்றை உலர்த்தும் காயிலுக்கு ஆறு டன்னுக்கு மேல் வேண்டியிருந்தது. குளிர்தளத்துக்கோ இரண்டரை டன்தான். இந்தக் கடலோரத்தில் இந்த விகிதம் இயல்பு. ஆனால் தொடக்க மதிப்பீட்டில் பணமும் கவனமும் தளத்துக்கே போயிருந்தன. பின்னால் கட்டவிருந்த பக்கக் கட்டடத்தையும் மனதில் வைத்துப் 10 டன் சில்லர் வாங்கியிருந்ததால்தான் புதிதாக ஒன்று வாங்காமல் முடிந்தது.

மூன்றாவது, கட்டுப்பாடு. நீரின் குறைந்தபட்ச வெப்பநிலை 16-இலிருந்து 19 டிகிரியாக உயர்த்தப்பட்டது. அறை 27 டிகிரியில் நிற்கட்டும், மின்விசிறி வேகமாகச் சுற்றட்டும் என்று முடிவு. சென்சார்கள் ஐந்தாயின: வகுப்பறைக்கு இரண்டு வீதம், நடைவாசலில் ஒன்று. உட்கார்ந்தவர் தலை உயரத்தில், கிரில்லிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி. ஐந்தின் சராசரியை எடுக்கக் கூடாது, ஐந்தில் மிக உயர்ந்த பனிநிலையைத்தான் எடுக்க வேண்டும். வேர்வை சராசரியைப் பார்த்து வருவதில்லை, மிக மோசமான மூலையில் வருகிறது. அதுபோல முதல் வளைவுகளின் கீழே சீலிங்கில் ஒட்டிய மூன்று பட்டைச் சென்சார்களில் மிகக் குறைந்ததே கணக்கு. பெட்டியில் எழுதிய விதி இவ்வளவுதான்:

```
g  = ln(RH/100) + 17.62*T/(243.12+T)
Td = 243.12*g/(17.62-g)

Tw = max(19.0, Td_max + 2.0)
if Ts_min - Td_max < 1.5 : pump OFF
if Ts_min - Td_max > 2.5 for 15 min : pump ON
```

`T` காற்றின் வெப்பநிலை, `RH` ஈரப்பத சதவீதம், `Td` பனிநிலை, `Td_max` ஐந்து சென்சாரில் மிக உயர்ந்த பனிநிலை, `Tw` தளத்துக்குப் போகும் நீர், `Ts_min` சீலிங்கின் மிகக் குளிர்ந்த இடம். இரண்டு டிகிரி இடைவெளி பயத்தால் வைத்ததல்ல. நல்ல ஈரப்பதச் சென்சாரிலேயே மூன்று சதவீதப் பிழை இருக்கும். 26 டிகிரி அறையில் அது பனிநிலையை 0.8 டிகிரி மாற்றிவிடும். குழாய்க்குக் கீழே ஒரு டிகிரி கூடுதல் குளிர்ச்சி. இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய இரண்டு.

நான்காவது, மின்தடை. வெளிக்காற்று இயந்திரமும் சில்லரும் ஜெனரேட்டருக்கு மாற்றப்பட்டன, சில்லரை மெதுவாகத் தொடங்கவைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் வைத்து. பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் கான்டாக்டர், வெளிக்காற்று இயந்திரத்தின் காற்றோட்ட ஸ்விட்சோடு தொடராகக் கட்டப்பட்டது. உலர்காற்று ஓடாவிட்டால் பம்ப் ஓடாது. இது மென்பொருளில் அல்ல, வயரில். பெட்டி குழம்பினாலும் வயர் குழம்பாது.

## மறுபடி ஓட்டியது

ஜனவரியில் தொடங்கியபோது தளத்தைத் தொடவில்லை. இரண்டு நாள் உலர்காற்று மட்டும் ஓடியது. சுவர்ப்பூச்சு, மர மேசை, திரை, காகிதம் எல்லாம் பல வாரமாக உறிஞ்சிய ஈரத்தை விட்டுக்கொண்டிருந்தன. காலியான அறையிலும் பனிநிலை முதல் நாள் 17-இல்தான் நின்றது. மறுநாள் மாலை 13-க்கு வந்தபின் 22 டிகிரித் தண்ணீரை விட்டு, நாளுக்கு ஒரு டிகிரியாக 19 வரை இறக்கினார்கள்.

அன்றாட வரிசையும் அதேதான். காலை 7 மணிக்கு உலர்காற்று தொடங்கும், 9 மணிக்கு மேல்தான் விதி பம்பை அனுமதிக்கும். சனி, ஞாயிறு கட்டடம் பூட்டியிருந்தாலும் உலர்காற்று பாதி வேகத்தில் ஓடும். அதை நிறுத்தி மிச்சப்படுத்தும் மின்சாரம் திங்கட்கிழமை காலைக்குள் கரைந்துவிடுகிறது.

பிப்ரவரியில் ஒரு சோதனை மின்தடை செய்தார்கள். 30 பேர் உள்ளே, கதவுகள் மூடி, ஜெனரேட்டரும் அணைந்து, ஒரு மணி நேரம். பனிநிலை 15.2-இலிருந்து 18.6 டிகிரிக்கு ஏறியது. சீலிங்கின் மிகக் குளிர்ந்த இடம் 22 டிகிரி. ஒரு துளி இல்லை. பிறகு இரண்டு கதவையும் திறந்தார்கள். இருபதாவது நிமிடம் வாசலோரச் சீலிங் மங்கத் தொடங்கியது. கதவைத் திறந்து வைத்தால் எந்த விதியாலும் காப்பாற்ற முடியாது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் கண்ணால் பார்த்துத் தெரிந்தது. அன்றிலிருந்து கதவில் கல் வைப்பது நின்றது.

## அடுத்த ஆண்டு

ஏப்ரல் முதல் டிசம்பர் வரை வகுப்பு நேரத்தில் மிக உயர்ந்த பனிநிலை பெரும்பாலும் 14 முதல் 16 டிகிரிக்குள் நின்றது. நவம்பரில் முழு வகுப்பு நடந்த வாரங்களில் 16.7 வரை போனது. சீலிங் 22 டிகிரிக்குக் கீழே போகவில்லை. வேர்வை எங்கேயும் இல்லை, மேனிஃபோல்டு வால்வுகளுக்கும் ரப்பர் உறை போட்டாகிவிட்டது.

வாடை மாதங்களில் தளம் வேலை செய்யும் நேரம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது. வெளியே 27, 28 டிகிரி என்றால் அறையின் சூட்டில் பெரும்பகுதியை உலர்காற்றே எடுத்துவிடுகிறது. பம்ப் பல நாள் மதியத்துக்கு மேல்தான் ஓடியது. தளம் செலவுக்கு ஏற்ற பலனைத் தருவது மார்ச் முதல் செப்டம்பர் வரை. இந்தக் கரையில் குளிர்தளம் போட நினைப்பவர்கள் ஆண்டு முழுக்கச் சேமிப்பு என்று கணக்குப் போட வேண்டாம்.

## இனி மாற்ற வேண்டியவை

பக்கக் கட்டடத்துக்கு வரைபடம் தொடங்கியபோது சூட்டுக் கணக்குக்கு முன் ஈரக் கணக்கு போடப்பட்டது. ஆட்கள், கதவு, கழிவறை எக்ஸாஸ்ட் என்று ஒவ்வொன்றும் மணிக்கு எத்தனை கிராம் என்று. வாசல் வடகிழக்கிலிருந்து தெற்குக்கு மாற்றப்பட்டு, இரட்டைக் கதவுக்கு நடுவே இரண்டரை மீட்டர் இடைவழி விடப்பட்டது. இரு வேலைக்கும் ஒரே 7 டிகிரி நீரைக் கலந்து கொடுப்பதற்குப் பதில், தளத்துக்கு 18 டிகிரி நீர் தரும் தனிச் சிறு சில்லர் வருகிறது. மிக்ஸிங் வால்வு அழுக்கில் சிக்கினாலும் அப்போது 7 டிகிரித் தண்ணீர் தளத்துக்குள் பாயாது. அந்த நீரைக் குளிரவைக்க மின்சாரமும் குறைவாகவே ஆகும்.

இன்னும் தொந்தரவு தருவது சென்சார்கள். நடைவாசல் சென்சார் எட்டு மாதத்தில் நான்கு சதவீதம் குறைத்துக் காட்டத் தொடங்கியது. உப்புத்தூள் படிந்த முனைதான் காரணம். குறைத்துக் காட்டுவது ஆபத்தான பக்கம். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐந்தையும் கழற்றிச் சோதிக்கிறார்கள். மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் கால் பங்கு சுத்தமான உப்பைப் போட்டு, கூழாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட வேண்டும். உப்பு முழுதும் கரைந்துவிடக் கூடாது, மேலே ஈர உப்பு தெரிய வேண்டும். சென்சாரை உப்பில் படாமல் தொங்கவிட்டு, வயர் நுழையும் இடத்தை அடைத்து, வெப்பநிலை மாறாத அலமாரியில் 12 மணி நேரம் வைத்தால், புட்டிக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். இரண்டு சதவீதத்துக்கு மேல் விலகினால் பெட்டியில் திருத்தம். ஐந்துக்கு மேல் என்றால் சென்சாரை மாற்ற வேண்டும்.